கத்திக்கு உள்ளே நிற்கும் எழுத்துகள்

கணினித் திரையில் கச்சிதமாக இருந்த விசிட்டிங் கார்டு, கைக்கு வரும்போது ஒரு பக்கம் சாய்ந்ததுபோலத் தெரிவதுண்டு. பெரும்பாலும் காரணம் கட்டிங் மெஷின்தான். கார்டுகள் தனித்தனியாக அச்சாவதில்லை. ஒரே பெரிய தாளில் பல கார்டுகள் வரிசையாக அச்சாகின்றன. அப்படிப்பட்ட தாள்களை அடுக்கிவைத்து மொத்தமாக வெட்டுகிறார்கள். அடுக்கு லேசாக நகர்ந்தாலும் வெட்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழும்.

ஓர் எலக்ட்ரீஷியனுக்குக் கார்டு தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் பரவலாக இருக்கும் அளவு மூன்றரைக்கு இரண்டு அங்குலம். அதாவது சுமார் 89க்கு 51 மி.மீ. பின்னணி நிறம் ஓரம்வரை வர வேண்டுமென்றால், நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நிறத்தை நீட்டி, ஃபைலை 95க்கு 57 ஆக அமைக்க வேண்டும். வெட்டுப்பட்டுப் போகும் இந்தப் பகுதியை அச்சகங்களில் 'ப்ளீட்' என்பார்கள். இது இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். அதேபோல வெட்டுக் கோட்டிலிருந்து உள்பக்கமாக 4 மி.மீ. விட்டு, மீதமுள்ள 81க்கு 43க்குள் பெயரும் எண்ணும் அடங்க வேண்டும்.

ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் போடும் ஆசையைத் தவிர்ப்பதே நல்லது. விளிம்பிலிருந்து 2 மி.மீ.யில் கோடு இருந்து, வெட்டு ஒரு மி.மீ. நகர்ந்தால், ஒரு பக்கம் 1, எதிர்ப்பக்கம் 3 என்றாகிவிடும். கண் அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது எழுத்தின் தெளிவு. மெரூன் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்து திரையில் அழகாகத்தான் இருக்கும். அச்சிலோ அந்த மெரூன் ஒன்றுக்கு மேற்பட்ட மைகள் சேர்ந்து உருவாவது. ஒரு மை இம்மி விலகினாலும் வெள்ளை எழுத்துக்குள் நிறம் புகுந்துவிடும். தமிழில் இந்தத் தொல்லை அதிகம். 'ண', 'ஞ' ஆகியவற்றின் சுழிகளும் புள்ளிகளும் முதலில் அடைபடும். வெளிர்சாம்பல் எழுத்தும் ஆபத்துதான். சாம்பல் என்பது கறுப்பு மையின் சிறு புள்ளிகள் என்பதால், பொடி எழுத்தின் விளிம்பு பிசிறடிக்கும். வெள்ளைப் பின்னணியில் முழுக் கறுப்பு, தமிழுக்கு 9 பாயின்ட்டுக்குக் குறையாத அளவு, சற்றுத் தடித்த எழுத்து: இதுவே பாதுகாப்பு. கார்டை அசல் அளவிலேயே கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படித்துப் பார்த்தால், பின்னணியில் கரையும் எழுத்து எதுவென்று தெரிந்துவிடும்.

எலக்ட்ரீஷியனின் கார்டில் என்ன இருக்க வேண்டும்? பெயர், செய்யும் வேலை, போய்வரும் பகுதிகள், எப்போதும் எடுக்கும் ஒரு செல்போன் எண். நான்கு எண்களைப் போட்டால் எதை அழைப்பது என்று வாடிக்கையாளர் திணறுவார். பத்து இலக்கத்தையும் ஒட்டி எழுதாமல், ஐந்தைந்தாகப் பிரித்தால் பார்த்து அழுத்துவது எளிது. அதே எண்ணில் வாட்ஸ்அப் உண்டென்றால் பக்கத்தில் அதன் குறி போதும். க்யூஆர் வைப்பதானால் 2 செ.மீ. சதுரமும் சுற்றிலும் வெள்ளை இடமும் தேவை. எண்ணையே நேரடியாக அதற்குள் பதிவது நல்லது. இடையில் ஒரு இணையச் சேவை வழியாகப் போகும் க்யூஆர், அந்தச் சேவை நின்றால் செயலிழந்துவிடும்.

அச்சகம் தரும் ப்ரூஃபில் பிழை பார்க்கும்போது, எண்ணைக் கண்ணால் மட்டும் சரிபார்த்தால் போதாது. தாளில் உள்ளதைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக அழுத்தி அழைக்க வேண்டும். எலக்ட்ரீஷியனின் போன் அடித்த பிறகே ஓகே சொல்ல வேண்டும்.