அதிகம் திருத்தியவர் ஜெயிப்பார்

கென்யாவில் சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பதிவு செய்கிறார்கள். அவர்கள் போகும் கிராமங்கள் பலவற்றில் சிக்னல் கிடைக்காது. அதனால் அவர்களுடைய செயலி, விவரங்களை முதலில் போனுக்குள் இருக்கும் பவுச்டிபி என்ற சிறு தரவுத்தளத்தில் எழுதிக்கொள்கிறது. சிக்னல் வந்ததும் அவற்றைச் சர்வரில் உள்ள கவுச்டிபிக்கு அனுப்புகிறது. பாதியில் இணைப்பு அறுந்தாலும் கவலையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண் கிடைத்துவிடுவதால், ஒன்றையே இரண்டு முறை அனுப்பினாலும் சர்வரில் ஒன்றுதான் இருக்கும்.

ஒரே பதிவை இருவர் திருத்தும்போதுதான் சிக்கல்.

ஒரு குழந்தையின் பதிவு மூன்றாம் பதிப்பில் இருப்பதாகக் கொள்வோம். சிக்னல் இல்லாத ஊரில் பணியாளர் அதில் தாயின் போன் எண்ணை மாற்றுகிறார். ஒரு இலக்கம் தவறிவிட்டதைப் பார்த்து மறுபடியும் திருத்துகிறார். அவர் போனில் அது இப்போது ஐந்தாம் பதிப்பு. அதே நாளில் அலுவலகத்தில் மேற்பார்வையாளர் குழந்தையின் பிறந்த தேதியைச் சரிசெய்ய, சர்வரில் அது நான்காம் பதிப்பு ஆகிறது. மாலையில் இரண்டும் சந்திக்கின்றன. கவுச்டிபி பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து ஐந்தை ஏற்கிறது. திருத்திய பிறந்த தேதி திரையிலிருந்து காணாமல் போகிறது. எச்சரிக்கை எதுவும் வராது. எண்கள் சமமாக இருந்தால், `_rev` என்ற பதிப்புக் குறியில் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துக்கோவையில் எது வரிசையில் பெரியதோ அது ஜெயிக்கும்.

இதில் நியாயம் எங்கே என்று கேட்கலாம். நியாயம் இந்த விதியின் வேலையே அல்ல. எந்தப் போனில், எந்தச் சர்வரில் கணக்கிட்டாலும் ஒரே விடை வர வேண்டும், அவ்வளவுதான். கடைசியாக எழுதியதை ஏற்கலாமே என்றால், தேதி தவறாக வைக்கப்பட்ட ஒரு போன் போதும், எல்லாம் குழம்பிவிடும்.

நல்லவேளையாக, தோற்ற பதிப்பு அழிவதில்லை. பதிவைக் கேட்கும்போது `?conflicts=true` என்று சேர்த்தால் `_conflicts` பட்டியலில் அது தெரியும். போன் எண்ணை ஒன்றிலிருந்தும் பிறந்த தேதியை மற்றொன்றிலிருந்தும் எடுத்து ஒரு நிரல் இணைத்துவிடலாம். ஆனால் யார் எதை மாற்றினார் என்று அறிய மூன்றாம் பதிப்பு வேண்டும். இடம் மிச்சப்படுத்த நடக்கும் சுருக்கத்தில் பழைய பதிப்புகளின் உள்ளடக்கம் போய்விடும். அதனால் அனுபவசாலிகள் திருத்துவதையே குறைக்கிறார்கள். குழந்தையின் எடையை மேலெழுதாமல், ஒவ்வொரு முறை நிறுத்ததையும் புதுப் பதிவாகச் சேர்த்தால் மோதலுக்கு வழியே இல்லை.

ஒரு தவறு மட்டும் எந்த விதியிலும் சிக்காது. சிக்னல் இல்லாத இருவர் ஒரே கர்ப்பிணியைத் தனித்தனியே புதிதாகப் பதிந்தால் இரண்டு அடையாள எண்கள் உருவாகும். கவுச்டிபியின் கண்ணுக்கு அவர்கள் இரண்டு பெண்கள். ஒரே போன் எண்ணோ ஒரே வீடோ கொண்ட பதிவுகளைத் தேடியெடுத்து, யாராவது அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டுத்தான் ஒன்றை நீக்க வேண்டும்.