சரக்கின் நிறமும் மறுநாள் தலைவலியும்

வோட்கா குடித்தால் காலையில் தலை வலிக்காது, கறுப்புச் சரக்குதான் மண்டையைப் பிளக்கும் என்பார்கள். இது பாதி உண்மை.

மாவோ பழமோ புளிக்கும்போது எத்தனால் மட்டும் உண்டாவதில்லை. துளித்துளியாக மெத்தனால், அசிட்டால்டிஹைடு, ஐசோஅமைல் ஆல்கஹால், எஸ்டர்கள் என ஒரு கூட்டமே சேர்ந்து வரும். இவற்றுக்குப் பொதுப்பெயர் கன்ஜனர். மதுவின் மணமும் சுவையும் பெரும்பாலும் இவற்றால்தான். அமெரிக்காவின் போர்பன் விஸ்கியை 80 சதவீத வலிமைக்கு மேல் வடிக்கக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். அதற்கு மேல் போனால் கன்ஜனர் கழிந்து சுவையும் போய்விடும். பிறகு உட்புறம் கரித்த புது ஓக் பீப்பாயில் ஊறும்போது, மரத்திலிருந்து டானினும் ஃபர்ஃபுராலும் இறங்குகின்றன. நிறமும் அங்கேதான் ஏறுகிறது. வோட்காவுக்கான சாராயத்தையோ 95 சதவீதம்வரை வடிப்பார்கள். கன்ஜனர் அநேகமாக எதுவும் மிஞ்சாது.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள் பிரவுன் பல்கலைக்கழகத்தின் டமாரிஸ் ரோசனோவும் அவர் குழுவும். 2010இல் வெளியான அந்த ஆய்வில் 95 இளைஞர்கள் கலந்துகொண்டார்கள். ஓர் இரவு போதை ஏறும்வரை மது, இன்னோர் இரவு மதுவே இல்லாத போலிப் பானம். மது இரவில் சிலருக்கு போர்பன், சிலருக்கு வோட்கா. வோட்காவைவிட போர்பனில் கன்ஜனர் 37 மடங்கு. போர்பன் குடித்தவர்கள்தான் காலையில் அதிகம் அவதிப்பட்டார்கள். ஆனால் தூக்கம் கெட்டதிலும், கவனத்தையும் வேகத்தையும் சோதித்த தேர்வுகளில் தடுமாறியதிலும் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. அந்தக் கேடு எத்தனாலின் வேலை. தலை வலிக்கவில்லை என்று வண்டிச் சாவியை எடுப்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

கன்ஜனர்களில் மெத்தனால்மீது சந்தேகம் அதிகம். கல்லீரல் முதலில் எத்தனாலைத்தான் கையில் எடுக்கும். அது தீரும்வரை மெத்தனால் காத்திருக்கும். பிறகே ஃபார்மால்டிஹைடாகவும் ஃபார்மிக் அமிலமாகவும் மாறும். போதை தெளிந்து தலைவலி தொடங்கும் நேரமும் ஏறத்தாழ அதுவே. (கள்ளச்சாராயத்தில் உயிரைக் குடிப்பதும் இதே மெத்தனால்தான். ஆனால் அங்கே இருப்பது பல மடங்கு அளவு.)

சரி, கடையில் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கலாமா? நம் ஊரில் முடியாது. இந்தியாவில் விற்கும் மலிவான பிராந்தியும் ரம்மும் பெரும்பாலும் கரும்பாலை மொலாசஸிலிருந்து நன்றாகச் சுத்திகரித்து வடித்த சாராயம். மணத்துக்கு எசென்ஸ், நிறத்துக்குக் கேரமல். பழுப்பு நிறம் என்பதாலேயே அதில் கன்ஜனர் அதிகம் என்று சொல்லிவிட முடியாது. மறுபக்கம், பீப்பாயையே பார்க்காத வெள்ளை டெக்கீலா தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். ஆனால் நீலக் கற்றாழையிலிருந்து வந்த கன்ஜனர்கள் அதில் ஏராளம்.