ஜன்னலும் தெரிய வேண்டும், அறையும் தெரிய வேண்டும்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் உட்புறத்தை பால் டெபெவெக் 16 முறை படமெடுத்தார். காமிராவை நகர்த்தவில்லை, ஷட்டர் நேரத்தை மட்டும் மாற்றினார். ஒரு படத்துக்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இன்னொன்றுக்கு 30 வினாடி. வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு நேர் பின்னால் சூரியன், கூரையின் மூலையிலோ கும்மிருட்டு. இந்த இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க எந்தக் காமிராவாலும் முடியாது. ஜித்தேந்திர மாலிக்கோடு சேர்ந்து 1997-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, அந்தப் படங்களிலிருந்து ஒவ்வொரு புள்ளியிலும் உண்மையில் எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்று கணக்கிட்டுக் காட்டியது. அதே படவரிசையை ஓபன்சிவி என்ற இலவச நிரல் தொகுப்பின் பயிற்சிப் பக்கத்தில் இன்றும் பார்க்கலாம்.

டெபெவெக் வழிக்கு ஒவ்வொரு படத்தின் ஷட்டர் நேரமும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். கிடைக்கும் வெளிச்சக் கணக்கை எந்தத் திரையும் அப்படியே காட்டாது. அதைத் திரைக்கு ஏற்றபடி சுருக்க இன்னொரு கட்டம் வேண்டும். வீட்டு அறையை நன்றாகப் படமெடுக்க நினைக்கும் ஒருவருக்கு இத்தனை சுற்று தேவையே இல்லை என்பது என் கருத்து. அவருக்கு உதவுவது 2007-இல் டாம் மெர்ட்டன்ஸும் இரண்டு சகாக்களும் சொன்ன குறுக்குவழி. அதில் வெளிச்சக் கணக்கே கிடையாது. கையில் இருக்கும் படங்களில் எந்தப் படத்தின் எந்தப் பகுதி நன்றாக வந்திருக்கிறதோ அதை எடுத்துச் சேர்ப்பதுதான் வேலை.

ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். ஜன்னலுக்கு வெளியே வெயிலில் ஒரு மரம், உள்ளே நிழலில் மர அலமாரி. ட்ரைபாடில் காமிராவை நிறுத்தி 1/250, 1/60, 1/15 வினாடி என்று மூன்று படங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுமார் நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கும். லென்ஸ் துவாரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் எது தெளிவு, எது மங்கல் என்பதே படத்துக்குப் படம் மாறிவிடும். வொயிட் பாலன்ஸையும் ஆட்டோவில் விடாமல் ஒரே நிலையில் நிறுத்திவிட வேண்டும்.

இனி நிரல் ஒவ்வொரு பிக்சலுக்கும் மதிப்பெண் போடும். மூன்று தேர்வாளர்கள் ஒரே விடைத்தாளைத் திருத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல்வர் பார்ப்பது விவரம்: பக்கத்துப் பிக்சல்களிலிருந்து இது எவ்வளவு வேறுபடுகிறது? இரண்டாமவர் பார்ப்பது நிறச் செறிவு: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன? மூன்றாமவர் பார்ப்பது வெளிச்சம்: மதிப்பு நடுவில் இருக்கிறதா, ஓரத்துக்குப் போய்விட்டதா? மூவர் போட்டதையும் கூட்டுவதில்லை, பெருக்குகிறார்கள். ஒருவர் பூஜ்யம் போட்டால் போச்சு.

மர இலையின் ஒரு பிக்சல் 1/250 படத்தில் சிவப்பு 90, பச்சை 140, நீலம் 80 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிற விலகல் நன்றாகவே இருக்கிறது. அதே பிக்சல் 1/15 படத்தில் வெளுத்துப்போய் மூன்றும் 255 ஆகிவிடும். விலகல் பூஜ்யம், சுற்றிலும் அதே வெள்ளை என்பதால் விவரமும் பூஜ்யம். எனவே ஜன்னல் பகுதி முழுக்க 1/250 படத்திலிருந்தே வரும். அலமாரியில் நிலைமை தலைகீழ். 1/250 படத்தில் 14, 10, 8 என்று கறுப்போடு கறுப்பாகக் கிடப்பது 1/15 படத்தில் 120, 90, 65 என்று மரத்தின் நிறத்தைக் காட்டும்.

இந்த மதிப்பெண்ணை அப்படியே எடைபோட்டுப் படங்களைக் கலந்தால் எல்லைகளில் ஒட்டுப்போட்ட தடம் தெரியும். அதனால் படத்தைப் பெரிய வடிவங்களிலிருந்து நுண்விவரம் வரை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலும் தனியாகக் கலந்து, பிறகு ஒன்றுசேர்க்கிறார்கள். பர்ட், ஏடல்சன் இருவரும் 1983-இல் தந்த உத்தி இது. நாம் எழுத வேண்டியதோ சில வரிகள்தான்:

```python
import cv2 as cv
import numpy as np

names = ["250.jpg", "60.jpg", "15.jpg"]
imgs = [cv.imread(n) for n in names]
cv.createAlignMTB().process(imgs, imgs)
f = cv.createMergeMertens(1, 1, 1).process(imgs)
out = np.clip(f * 255, 0, 255).astype("uint8")
cv.imwrite("out.png", out)
```

`createMergeMertens` அடைப்புக்குள் இருக்கும் மூன்று ஒன்றுகளைக் கவனியுங்கள். அவை மூன்று தேர்வாளர்களுக்கும் தரும் முக்கியத்துவம். அடைப்பைக் காலியாக விட்டால் ஓபன்சிவி எடுத்துக்கொள்வது 1, 1, 0. அதாவது மெர்ட்டன்ஸ் கட்டுரையில் சம உரிமையோடு இருந்த மூன்றாம் தேர்வாளருக்கு இங்கே விடுமுறை. இலையும் அலமாரியும் அவரில்லாமலே தேறிவிடும் என்பதால் இது பலர் கண்ணில் படுவதில்லை. அறையின் வெள்ளைச் சுவரில்தான் வெளிவரும். சுண்ணாம்படித்த சுவருக்கு நிறமும் இல்லை, விவரமும் இல்லை; மூன்று படங்களிலும் முதல் இரண்டு தேர்வாளர்கள் ஏறக்குறைய பூஜ்யமே போடுகிறார்கள். அந்த நிலையில் காமிராவின் புள்ளி இரைச்சலே வெற்றியாளரை முடிவு செய்கிறது. சுவர் அழுக்குத் திட்டுகளோடு வரும். மேகம் மூடிய வானத்திலும் இதே கதை. மூன்றாமவரை உள்ளே விட்டால் அவர் 128-க்குப் பக்கத்தில் இருக்கும் பிக்சலுக்கு ஒரு நிறத்துக்கு 1 என்றும், 255-க்கு 0.044 என்றும் போடுவார். மூன்று நிறங்களுக்கும் பெருக்கினால் வெளுத்த பிக்சலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுகூடத் தேறாது. சுவர் சீராகிவிடும்.

சேமிக்கும் வரியிலும் ஒரு பொறி உண்டு. `f` தருவது ஏறத்தாழ 0-விலிருந்து 1 வரையிலான தசம எண்கள். 255-ஆல் பெருக்க மறந்து அப்படியே `imwrite` செய்தால் கோப்பு கிட்டத்தட்ட முழுக் கறுப்பாக வரும். இது உடனே தெரிந்துவிடும். தெரியாதது இன்னொன்று. அடுக்குகளைத் திரும்பச் சேர்க்கும்போது சில பிக்சல்கள் 1-ஐத் தாண்டிவிடும். 1.02-ஐப் பெருக்கினால் 260. `np.clip` இல்லாமல் அதை எட்டு பிட்டுக்குள் திணித்தால் வழக்கமாக 256-ஐக் கழித்துவிட்டு 4 என்று பதிவாகும். பளிச்சென்ற ஜன்னல் கம்பியின் மேல் கறுப்பாகவோ கண்டபடி நிறத்திலோ பொட்டுகள் சிதறியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

`createAlignMTB` படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. வெளிச்சம் வேறாக இருக்கும் படங்களை எப்படி ஒப்பிடுவது? கிரெக் வார்டின் யோசனை எளிமையானது. ஒவ்வொரு படத்திலும் நடுமதிப்பைக் கண்டுபிடித்து, அதற்கு மேலுள்ள பிக்சல்களை வெள்ளையாகவும் மற்றவற்றைக் கறுப்பாகவும் ஆக்கிவிட்டால், இருட்டுப் படமும் வெளிச்சப் படமும் ஏறக்குறைய ஒரே கோலத்தைத் தரும். பிறகு அந்தக் கோலங்களை நகர்த்திப் பார்த்துப் பொருத்தலாம். ஆனால் இது மேல்கீழ், இடவல நகர்வை மட்டுமே சரிசெய்யும். அதுவும் வழக்கமான அமைப்பில் 63 பிக்சல் வரைதான். கையில் பிடித்து எடுக்கும்போது காமிரா லேசாகச் சுழன்றிருந்தால், நடுவில் எல்லாம் பொருந்தி மூலைகளில் மட்டும் இரட்டைக் கோடு விழும்.

அசையும் பொருள்களுக்கு மெர்ட்டன்ஸ் முறையில் மருந்தில்லை. காற்றில் ஆடிய கிளை மூன்று படங்களிலும் மூன்று இடத்தில் இருந்தால், மூன்றும் பாதி மங்கலாகக் கூடவே வரும். குறுக்கே நடந்தவர் ஆவிபோல் ஊடுருவித் தெரிவார். அந்தப் பகுதியை மட்டும் 1/60 படத்திலிருந்து வெட்டி ஒட்டலாம், அல்லது காற்று அடங்கும்வரை காத்திருந்து மூன்றையும் மறுபடி எடுக்கலாம். இரண்டாவதற்கே பெரும்பாலும் குறைந்த நேரம் ஆகும்.