மாதக் கடைசியில் மணிக்கணக்கு

கோயம்புத்தூரில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு மென்பொருள் ஆலோசகரின் ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று வாடிக்கையாளர்கள்: ஒரு நூற்பாலை, ஒரு பம்பு உற்பத்தி நிறுவனம், ஒரு தனியார் மருத்துவமனை. ஆள் கற்பனைதான். ஆனால் அவருடைய கணக்கில் வரும் சிக்கல்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் எல்லோருக்கும் வருபவை. முப்பது நாளும் உழைத்த நேரம் ஜூலை முதல் வாரத்தில் மூன்று பில்களாக மாற வேண்டும். அந்த மாற்றம் நடக்கும் இடம் டைம்ஷீட்.

நேரத்தை அளந்து கட்டணம் வாங்கும் இந்த முறைக்கு நூறாண்டுக்கும் மேல் வயது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஏழைகளுக்கான சட்ட உதவிச் சங்கத்தை நடத்திய ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் என்ற வழக்கறிஞர், ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, ஆறு நிமிடத்துக்கு ஒரு கூறு என்று குறித்துவைக்கும் பழக்கத்தைப் பரப்பினார். எந்த வழக்கு எவ்வளவு உழைப்பைத் தின்கிறது என்று அலுவலகம் தானே தெரிந்துகொள்ளத்தான் அது முதலில் பயன்பட்டது. வாடிக்கையாளருக்கான பில் அதன் மேல் ஏறியது பிறகுதான். இந்த வரிசையை மனத்தில் வைத்தால் நல்ல டைம்ஷீட் எப்படி இருக்க வேண்டும் என்பது தானாகப் புரியும்: பில்லாகும் நேரத்தை மட்டுமல்ல, செலவான எல்லா நேரத்தையும் அது சுமக்க வேண்டும்.

நம் ஆலோசகர் ஒரு எக்செல் தாளில், ஒரு வேலைக்கு ஒரு வரி என்று எழுதுகிறார். தேதி, வாடிக்கையாளர், திட்டம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், செய்த வேலை, மணி, பில் உண்டா, பில் எண் என்று ஒன்பது கட்டங்கள். ‘செய்த வேலை’ என்ற கட்டத்தில் “மென்பொருள் வேலை” என்று எழுதினால் அது ஒன்றும் எழுதாததற்குச் சமம். “பஞ்சு வரவுப் பதிவில் எடை வித்தியாசம் காட்டும் அறிக்கை சேர்த்தது” என்று எழுதியிருந்தால், மூன்று வாரம் கழித்து மில்லின் கணக்கர் “இது என்னங்க சார், நாலு மணி நேரம் போட்டிருக்கீங்க?” என்று கேட்கும்போது தாளே பதில் சொல்லிவிடும். அன்றைய வேலையை அன்றே எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து வாரத்தை நினைவுகூர்ந்தால் பெரிய வேலைகள் நினைவுக்கு வரும். பத்து நிமிடத் தொலைபேசி அழைப்புகள் வராது.

அடுத்தது எண்ணை எழுதும் விதம். பணம் அதிகம் தொலைவது இங்கேதான்.

நம் ஊரில் ஒன்றரை மணி நேரத்தை 1.30 என்று எழுதுவது பழக்கம். கடிகாரத்துக்கு அது சரி. ஆனால் கணக்குத் தாள் அதை ஒன்று புள்ளி மூன்று மணி என்றே படிக்கும். அது ஒரு மணி 18 நிமிடம்தான். ஒரே வரியில் 12 நிமிடம் போயிற்று. 1.45 என்று எழுதினால் 18 நிமிடம் போகும். இரண்டையும் கூட்டினால் 2.75 வரும், உண்மையான கூட்டுத்தொகை மூன்றேகால் மணி. 2.75 பார்ப்பதற்கு ஒழுங்கான எண்ணாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. மணிக் கட்டத்தில் .30, .45 என்று முடியும் எண்களே நிறைந்து, .50, .75 அரிதாகவே இருந்தால், யாரோ கடிகார நேரத்தைத் தசமமாக எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே மணியைக் கையால் எழுதாமல், தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் மட்டும் பதிந்து, கழித்தலைத் தாளிடம் விடுவதே நல்லது. தொடக்கம் D, முடிவு E கட்டத்தில் இருந்தால்:

```
=MOD(E2-D2,1)*24
```

24-ஆல் பெருக்குவதற்குக் காரணம் உண்டு. எக்செல் ஒரு முழு நாளை 1 என்று வைத்திருக்கிறது. ஒரு மணி நேரம் அதில் 24-இல் ஒரு பங்கு. `MOD` என்பது நள்ளிரவைத் தாண்டும் வேலைக்காக. இரவு 22:30-க்குத் தொடங்கி 1:15-க்கு முடிந்த வேலையைச் சும்மா கழித்தால் விடை எதிர்மறையாகி, கட்டம் முழுக்க வேலிக் குறிகள் நிற்கும். `MOD` போட்டால் 2.75 என்று சரியாக வரும்.

24-ஆல் பெருக்காமல் நேரத்தை நேரமாகவே வைத்துக் கூட்டுபவர்களுக்கு இரண்டு ஆபத்துகள். நூற்பாலையின் சரக்குக் கணக்குத் திட்டத்தில் ஜூனில் மொத்தம் 41 மணி 30 நிமிடம். சாதாரண `h:mm` வடிவத்தில் தாள் இதை 17:30 என்று காட்டும். 24 மணி நேரம் ஒரு நாளாகி மறைந்துவிடும். வடிவத்தை `[h]:mm` என்று மாற்றினால்தான் 41:30 தெரியும். மணிக்கு 2,000 ரூபாய் என்றால், மறைந்தது 48,000 ரூபாய். இரண்டாவது ஆபத்து: அந்தக் கட்டத்தை நேராக 2,000-ஆல் பெருக்கினால் 3,458 ரூபாய் 33 காசு வரும். இது அபத்தமாக இருப்பதால் உடனே தெரிந்துவிடும். முதலாவது நம்பும்படியாக இருப்பதால் அதுவே மோசமானது.

வரிகள் சரியாக இருந்தால் தொகுப்பது சுலபம். வாடிக்கையாளர், திட்டம், பில் உண்டா என்ற மூன்று நிபந்தனைகளோடு ஒரு கூட்டல் போதும். மாதத்துக்கு ஒரு தாள் வைத்திருந்தால் தேதி நிபந்தனையும் வேண்டாம்:

```
=SUMIFS(G:G, B:B,"மில்", C:C,"சரக்குக் கணக்கு", H:H,"ஆம்")
```

நம் ஆலோசகர் எல்லாத் திட்டங்களுக்கும், ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டுக்குமே, இப்படிக் கூட்டினார். மூலத் தாளின் மொத்தம் 158 மணி. தொகுப்பின் மொத்தமோ 154.5. மூன்றரை மணி நேரம் எங்கே? மருத்துவமனைக்குச் செய்த ஒரு வேலையின் வரியில், வாடிக்கையாளர் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியால் தாளுக்கு அது வேறொரு வாடிக்கையாளர். பெயர்களைத் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமைத்துவிட்டால் இது நேராது. எப்படி அமைத்தாலும், தொகுப்பின் மொத்தமும் மூலத்தின் மொத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் பில் போடத் தொடங்கக் கூடாது.

திருத்தியபின் கிடைத்தது இது. நூற்பாலைக்குச் சரக்குக் கணக்கில் 41.5 மணி, ஊழியர் பயிற்சியில் 9 மணி. பம்பு நிறுவனத்துக்கு 52.75. மருத்துவமனைக்கு 23.5. மீதி 31.25 மணி யாருக்கும் பில்லாகாதது: விலைப்புள்ளி தயாரித்தது, கணக்கு எழுதியது, புதிய வாடிக்கையாளரைப் பார்க்கப் போனது.

மணியை விலையால் பெருக்கினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளரோடும் ஒப்பந்தம் வேறு. நூற்பாலைக்கு மென்பொருள் வேலை மணிக்கு 2,000, பயிற்சி 1,500. ஆக 83,000-மும் 13,500-மும் சேர்ந்து 96,500 ரூபாய். பம்பு நிறுவனத்துக்கு மணிக்கு 2,200. ஆனால் அங்கே 3 மணி நேரம் ஆலோசகரே செய்த தவறைத் திருத்தப் போனது. அதை அவர் பில் உண்டா என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று குறித்தார், வரியை அழிக்கவில்லை. பில் 49.75 மணிக்கு, 1,09,450 ரூபாய். மருத்துவமனையோடு மாதாந்திர ஒப்பந்தம்: 36,000 ரூபாய்க்கு 20 மணி வரை, அதற்கு மேல் மணிக்கு 2,000. எனவே 36,000-மும் மூன்றரை மணிக்கு 7,000-மும் சேர்ந்து 43,000. கண்ணை மூடிக்கொண்டு 23.5-ஐ 2,000-ஆல் பெருக்கியிருந்தால் 47,000 என்று தவறாகப் போயிருக்கும். கணக்கில் விட்டுப்போக இருந்ததும் மூன்றரை மணி, ஒப்பந்தத்துக்கு மேலாக நின்றதும் மூன்றரை மணி. அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால், மருத்துவமனை சரியாக 20 மணி நேரம்தான் பயன்படுத்தியதாக அழகான ஒரு பொய்க்கணக்கு வந்திருக்கும்.

நிமிடங்களை எப்படி முழுமையாக்குவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். ஏழு நிமிட அழைப்புகள் ஐந்து வந்தால் உண்மையான நேரம் 35 நிமிடம். ஒவ்வொன்றையும் கால் மணியாக ஏற்றினால் 75 நிமிடம். இரண்டில் எதை வாங்குவது என்று பில் போடும் நாளில் ஒருவரே முடிவு செய்தால், அது வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் கெடுக்கும், கெடுப்பதும் நியாயமே.

இந்தத் தொகுப்பை வாடிக்கையாளருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகே பில் எழுப்ப வேண்டும் என்று அனுபவசாலிகள் பிடிவாதமாக இருப்பார்கள். மரியாதைக்காக மட்டுமல்ல. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் பில் கொடுத்துவிட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் வரிப் பொறுப்பு வந்துவிடும். தொகையைக் குறைக்க வேண்டுமென்றால் பழைய பில்லை அடித்துத் திருத்த முடியாது. கிரெடிட் நோட் போட வேண்டும். பில் எண்களும் நிதியாண்டு முழுக்கத் தொடர் வரிசையில் இருக்க வேண்டும், ஒன்றைக் கிழித்துப் போட வழியில்லை. சேவை முடிந்து 30 நாளுக்குள் பில் கொடுத்தாக வேண்டும் என்பது விதி என்பதால், ஒப்புதலுக்குக் காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

மருத்துவமனையின் கணக்குப் பிரிவு மற்றவர்களைவிட அதிகம் கேள்வி கேட்பதற்கும் காரணம் இங்கே இருக்கிறது. நூற்பாலையும் பம்பு நிறுவனமும் தாங்கள் கொடுக்கும் 18 சதவீத வரியைத் தங்கள் விற்பனை வரியில் கழித்துக்கொள்ள முடியும். சிகிச்சைக்கு வரிவிலக்கு இருப்பதால், மருத்துவமனைக்குப் பெரும்பாலும் அந்த வழி இல்லை. வரியும் அவர்களுக்கு அசல் செலவு. 7,000 ரூபாய்க் கூடுதல் நேரம் அவர்களுக்கு 8,260 ரூபாய். எந்தத் தேதியில், யார் கேட்டு, என்ன செய்தது என்ற விவரத்தோடு தொகுப்பு போனால்தான் அது நகரும்.

நூற்பாலையின் பில் இப்படி முடிகிறது: 96,500 ரூபாய், மத்திய, மாநில வரிகள் தலா 8,685, மொத்தம் 1,13,870. வங்கிக்கு வருவது இதுவல்ல. தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தால், ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருக்கும் பில்லில் அது 96,500-க்கு மட்டுமே, அதாவது 9,650. வரவு 1,04,220. சில அலுவலகங்களில் மொத்தத் தொகைக்கும் சேர்த்து 11,387 பிடித்துவிடுவார்கள். எந்தத் தொகை வர வேண்டும் என்று முன்பே எழுதிவைத்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் வங்கிக் குறுஞ்செய்தியிலேயே தெரிந்துவிடும்.

மூன்று பில்களும் போன பிறகு அதே தாளிலிருந்து இன்னொரு எண்ணும் கிடைக்கிறது. வரிக்கு முன் மொத்த வருமானம் 2,48,950. அதை 158 மணியால் வகுத்தால் மணிக்குச் சுமார் 1,575 ரூபாய். 2,000, 2,200 என்று விலை சொல்பவரின் உண்மையான விலை இதுதான். பில்லாகாத 34.25 மணியையும் எழுதிவைத்ததால் மட்டுமே இது தெரிகிறது. மருத்துவமனைக்கு மணிக்கு 1,830 ரூபாய்க்கும் சற்றுக் குறைவாகவே வந்திருக்கிறது என்பதும் தெரிகிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பேச வேண்டிய எண் அது.

கடைசியாக, ஒன்பதாவது கட்டம். பில்லில் சேர்ந்த ஒவ்வொரு வரிக்கும் நேராக அந்தப் பில் எண்ணை எழுதிவிட்டால், ஒரே வேலை இரண்டு மாதங்களில் இரண்டு முறை பில்லாகாது. ‘ஆம்’ என்று குறித்தும் பில் எண் இல்லாத வரிகளை மார்ச் மாதத்தில் வடிகட்டிப் பார்த்தால், ஆண்டு முழுவதும் செய்தும் கேட்காமல் விட்ட வேலைகள் தேதியோடு வரிசையாக வந்து நிற்கும்.