பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

ஓர் இளைஞனை எடுத்துக்கொள்வோம். வயது 24. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை, நண்பர்களோடு வாடகை வீடு. கல்லூரியில் ஒரு பெண்ணைக் காதலித்தவன். அந்தக் காதல் பொய்யில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை இரவு, பல வருடம் பழகிய நண்பனோடு பேசிக்கொண்டிருக்கையில் நெருக்கம் எல்லை தாண்டுகிறது. இருவருக்கும் விருப்பம் இருந்தது, யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. இவன் கற்பனையான ஆள்தான். ஆனால் இவனைப் போன்றவர்கள் நம் ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள்; வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் நண்பன், "விடு மச்சான், போதையில நடந்தது" என்கிறான். இவன் குடித்தது ஒரு பீர். அது அவனுக்கும் தெரியும், நண்பனுக்கும் தெரியும். அன்றிரவு எல்லோரும் தூங்கிய பிறகு போனை எடுத்து, "நான் கேயா?" என்று தேடுகிறான். பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் முடிவைச் சொல்லும் வினாடிவினா ஒன்று கிடைக்கிறது. ஒருமுறை ஆமாம் என்கிறது. கொஞ்சம் மாற்றிப் பதில் சொன்னால் இல்லை என்கிறது. விடிய விடிய இதுவே நடக்கிறது.

அவன் முன்னால் இப்போது இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று: 'நான் கே, இத்தனை நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.' இன்னொன்று: 'ஒன்றுமே நடக்கவில்லை, எல்லாம் போதை.' முதலாவதை அவசர முடிவு என்று நாம் எளிதில் சொல்லிவிடுவோம். இரண்டாவதும் அதே அளவு அவசர முடிவுதான். நடந்ததைப் பார்க்காமலே மூடிவைக்கும் முடிவு அது. நம் ஊரில் அதற்கு மரியாதை அதிகம் என்பதால் அது முடிவு மாதிரித் தெரிவதில்லை.

இரண்டு பதிலும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. பாலியல் என்பதை ஒரே பொருளாக எடுத்துக்கொள்கின்றன. ஆய்வாளர்கள் அதை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒருவர் என்ன செய்தார் என்பது ஒன்று. மனமும் உடலும் யாரை நாடுகின்றன என்பது இன்னொன்று. தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறார் என்பது மூன்றாவது. இந்த மூன்றும் எப்போதும் சேர்ந்தே வரும் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம், அப்படி வருவதில்லை. அமெரிக்காவில் 1992இல் சமூகவியலாளர் எட்வர்ட் லாமன் குழுவினர் 3,400க்கும் மேற்பட்டவர்களிடம் இதைத் தனித்தனியாகக் கேட்டார்கள். தன் பாலினத்தவரோடு ஏதோ ஒரு வகையில் அனுபவமோ ஈர்ப்போ இருந்ததாகச் சொன்ன ஆண்களில், செயல், ஈர்ப்பு, அடையாளம் மூன்றும் ஒருசேர இருந்தவர்கள் ஏறத்தாழ கால்வாசிப் பேர்தான். பெண்களில் அதையும்விடக் குறைவு. ஈர்ப்பு மட்டும் இருந்து எதுவும் செய்யாதவர்கள் இருந்தார்கள். செய்துவிட்டு ஈர்ப்பு பெரிதாக இல்லை என்றவர்களும் இருந்தார்கள்.

இந்தியாவில் இது வேறு வழியாகத் தெரியவந்தது. எய்ட்ஸ் தடுப்புப் பணியாளர்கள் 'நீங்கள் ஓரினச் சேர்க்கையாளரா' என்று கேட்டால் பலர் 'இல்லை' என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனைவி, குழந்தைகளோடு வாழ்ந்துகொண்டு, எப்போதாவது ஆண்களோடும் உறவு வைத்துக்கொண்ட அவர்கள் தங்களை அந்தப் பெயரால் நினைத்ததே இல்லை. அதனால் அடையாளத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, செயலை மட்டும் குறிக்கும் 'எம்.எஸ்.எம்.' என்ற சுருக்கப் பெயரைத் திட்டங்களில் வைத்தார்கள்.

நம் இளைஞனிடம் திரும்புவோம். அந்தச் சனிக்கிழமை இரவு அவனுக்குச் சொல்வது முதலாவதைப் பற்றி மட்டுமே: ஒருமுறை இது நடந்தது. இரண்டாவதைப் பற்றி அது கொஞ்சம் சொல்லலாம், முழுதாகச் சொல்லாது. உடல் கிளர்ந்தது என்பதை அவன் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்கிறான். தொடுதலுக்கு உடல் எழுவது இயல்பு. அதை மட்டும் வைத்து மனத்தின் நாட்டத்தை அளக்க முடியாது. மறுபக்கமும் அப்படித்தான். 'பெரிதாக இன்பமே இல்லை, அதனால் நான் கே இல்லை' என்று ஆறுதல் அடைபவர்கள் உண்டு. முதல் அனுபவத்தில், அதுவும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில், யாரோடு இருந்தாலும் இன்பம் தெரியாமல் போகலாம்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? பின்னால் வரும் மாதங்களில் மனம் தானாக எங்கே போகிறது என்பதைத்தான். யாரும் கேட்காதபோது வரும் கனவு, யாருடைய குரலுக்குக் காத்திருக்கிறோம் என்பது, எந்த நெருக்கத்தை நினைத்தால் ஏக்கம் வருகிறது என்பது. இது ஒரு நாளில் தெரிகிற விஷயம் இல்லை. அமெரிக்க உளவியலாளர் லிசா டயமண்ட் 1995 முதல், தங்களை முழுக்க எதிர்பாலீர்ப்பு உள்ளவர்களாகக் கருதாத இளம் பெண்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பேட்டி கண்டார். அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரை ஒருமுறையாவது மாற்றியிருந்தார்கள். லெஸ்பியன் என்றவர் இருபாலீர்ப்பு என்றார். சிலர் எந்தப் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இது பெண்களைப் பற்றிய ஆய்வு, ஆண்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. 'மாறுகிறது என்றால் மாற்றிவிடலாமே' என்று இதைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கும் டயமண்ட் பதில் சொல்லியிருக்கிறார். ஈர்ப்பு காலப்போக்கில் தானாக அசையலாம். பிடித்துத் தள்ளி அசைக்க முடியாது.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று அவன் நினைக்கிறான். அவன் செய்துகொண்டிருப்பதோ வேறு. பஸ்ஸில் எதிரே நிற்கும் ஆணைப் பார்க்கிறான், உள்ளே ஏதாவது அசைகிறதா என்று கவனிக்கிறான். அடுத்து ஒரு பெண்ணைப் பார்க்கிறான், அங்கேயும் கவனிக்கிறான். இரண்டையும் ஒப்பிடுகிறான். இது பரிசோதனை. இதில் பதில் கிடைக்காது. பயத்தோடு உடலைக் கவனித்தால் எங்கேயாவது ஏதாவது தெரியத்தான் செய்யும். பல்வலி இருக்கிறதா என்று நாக்கால் தட்டித் தட்டிப் பார்த்தால் நல்ல பல்லும் கூசுவது போலத்தான்.

இந்தச் சோதனை சிலருக்கு நோயாகவே முற்றிவிடும். ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில், பாலியல் நாட்டத்தைப் பற்றிய சந்தேகமே மையமாகிவிடுவது மனநல மருத்துவர்களுக்குப் பழக்கமான வகை. இயல்பான குழப்பத்தில் பயமும் இருக்கும். அதோடு கொஞ்சம் ஆவலும், அந்த நண்பனின் நினைவில் ஓர் இதமும் கலந்திருக்கும். நாளாக நாளாகக் கேள்வியின் சூடு ஏறி இறங்கும். நோயில் ஆவல் அநேகமாக இருக்காது, திகில்தான் இருக்கும். நாளொன்றுக்கு மணிக்கணக்கில் ஓடும். 'நீ அப்படி இல்லடா' என்று யாராவது சொன்னால் அரை மணி நேரம் நிம்மதி, மறுபடி அதே கேள்வி. வேலையும் தூக்கமும் கெடும். இதற்குச் சிகிச்சை உண்டு. அதில் மருத்துவர் 'நீ இன்னார்' என்று பதில் சொல்லமாட்டார். சோதித்துப் பார்க்காமல், உறுதி கேட்காமல், சந்தேகத்தை அப்படியே விட்டுவைக்கப் பழக்குவார்.

நோயில்லாத குழப்பத்துக்கும் அந்தப் பயிற்சியிலிருந்து கடன் வாங்கலாம். வினாடிவினாக்களை நிறுத்துவது, பஸ்ஸில் ஒப்பிடுவதை நிறுத்துவது. எண்ணம் வந்தால் 'இப்போது தெரியவில்லை' என்று சொல்லிவிட்டுச் செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்வது. எழுதும் பழக்கம் இருந்தால், 'நான் யார்' என்று எழுதாமல் 'இன்று இதை உணர்ந்தேன்' என்பதோடு நிறுத்திக்கொள்வது. முதல் சில நாட்களில் பதற்றம் கூடும். சோதிக்காமல் விட்டால் மெல்ல இறங்கும்.

பெயருக்கு அவசரம் இல்லை என்றேன். சில விஷயங்கள் காத்திருக்காது. ஆணுறை இல்லாமல் உறவு நடந்திருந்தால், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும். திங்கட்கிழமை காலையே அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேட்கலாம். பரிசோதனை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகை இருக்கும் அறையில் இலவசமாகச் செய்கிறார்கள். அண்மையில் தொற்றியதை உடனே எடுக்கும் பரிசோதனை காட்டாமல் போகலாம், அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

அந்த நண்பனோடும் பேச வேண்டும். 'போதையில நடந்தது' என்று அவன் சொன்னதற்கு அவனுடைய பயமும் காரணமாக இருக்கலாம். "நீ என்னவா இருந்தாலும் பரவால்ல, நானும் என்னன்னு தெரியாமத்தான் இருக்கேன், வெளிய யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்ற அளவுக்குப் பேசினாலே இருவருக்கும் மூச்சு வரும். இருவரில் ஒருவருக்கு உண்மையில் விருப்பம் இல்லாமல் நடந்திருந்தால் அது குழப்பம் என்ற கணக்கில் வராது, வன்முறை. அதற்கு வேறு உதவி தேவை.

நம் ஊரில் பெயரை அவசரப்படுத்துவது பெரும்பாலும் கல்யாணம்தான். 24 வயதில் ஜாதகம் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். விஷயம் காதில் விழுந்த வீட்டில் 'ஒரு கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்' என்பார்கள். என் கருத்தில், இந்தக் குழப்பத்தில் எடுக்கக்கூடிய முடிவுகளிலேயே மோசமானது இதுதான். அவன் யார் என்பது அவனுக்கே தெரியாதபோது, அதைக் கண்டுபிடிக்கும் செலவை ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் தலையில் கட்டுவது அது. அவன் வீட்டில் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்ல வேண்டியதில்லை. "இப்போ வேண்டாம்மா, ரெண்டு வருஷம் போகட்டும்" என்பது பொய்யும் இல்லை.

உதவி தேடிப் போனால் ஆளைப் பார்த்துப் போக வேண்டும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் விருப்பத்தோடு தனிமையில் வைத்துக்கொள்ளும் உறவு குற்றம் இல்லை என்றது. இது நோய் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமும் அதே ஆண்டில் அறிவித்தது. 2021இல், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இந்த விஷயத்தில் தனக்குத் தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் அவர் தீர்ப்பை எழுதினார். நாட்டத்தை 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடை செய்யவும் உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் சிகிச்சை தருவது மருத்துவர்களுக்குத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

எனவே முதல்முறை போன் செய்யும்போதே ஆலோசகரிடம், "இதை மாற்ற முடியுமா?" என்று கேட்டுப் பார்க்கலாம். முடியும் என்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டும். 'நீங்கள் கேதான், ஒத்துக்கொள்ளுங்கள்' என்று முதல் சந்திப்பிலேயே சொல்பவரும் வேண்டாம். 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.