மின்சாரம் வரும் வழி: பகலில் பள்ளம், இரவில் மேடு

சென்ற வாரம் 80 கி.மீ.க்குள் முடிந்துவிடும் தடங்களைப் பார்த்தோம். அவற்றில் கம்பியின் மின்தடையையும் தூண்டல் மறிப்பையும் மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் சாயங்காலம் குழல்விளக்கு மினுக்கினால், காரணம் பெரும்பாலும் மலையேறும் 22 அல்லது 11 கிலோவோல்ட் கம்பிதான். இந்த வாரக் கதை கீழே, சமவெளியில்.

நெய்வேலிக்கும் சேலத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 145 கி.மீ.; கள்ளக்குறிச்சி இடையில் இருக்கிறது. இந்தத் தூரத்துக்கு ஒரு 230 கிலோவோல்ட் தடம் என்றால், கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள கெபாசிட்டன்ஸை ஒதுக்க முடியாது. அதை இரண்டாகப் பிரித்துப் பாதியை அனுப்பும் முனையிலும் பாதியைப் பெறும் முனையிலும் கட்டிவிடுகிறார்கள். நடுவில் கம்பி, இருபுறமும் இரண்டு கால்: இதுதான் நாமினல் பை. ஏறத்தாழ 240 கி.மீ. வரை இது தாங்கும்.

கணக்குக்காக 150 கி.மீ. தடம்: மின்தடை 12 ஓம், மறிப்பு 60 ஓம், ஒவ்வொரு காலுக்கும் 210 மைக்ரோசீமன்ஸ். பெறும் முனையில் 220 கிலோவோல்ட், 100 மெகாவாட், பவர் ஃபேக்டர் 0.9 பின்தங்கல். கரும்புக்கும் நெல்லுக்கும் ஓடும் பம்புசெட் மோட்டார்கள் நிறைந்த ஊருக்கு இது நியாயமான எண்தான்.

சுமை இழுப்பது 292 ஆம்பியர். அதில் 127 ஆம்பியர் வேலை செய்யாத, பின்தங்கிய பகுதி. பெறும் முனைக் கால் 27 ஆம்பியரை எதிர்த்திசையில் தந்து அதை 100 ஆகக் குறைக்கிறது. மிச்சம் கம்பியில் ஓடுவதால் அனுப்பும் முனையில் 237.2 கிலோவோல்ட் வைக்க வேண்டும். கால்களை மறந்திருந்தால் 240 என்று வந்திருக்கும்.

ரெகுலேஷன் என்றதும் பலர் 237.2-லிருந்து 220-ஐக் கழித்து 7.8 சதவீதம் என்பார்கள். பாடப்புத்தகத்தை அரைகுறையாகப் படித்ததன் விளைவு! அனுப்பும் வோல்டேஜை மாற்றாமல் சுமையை மட்டும் எடுத்துவிட்டால் பெறும் முனையில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 237.2-ஐ 0.9874-ஆல் வகுத்தால் 240.2. அனுப்பியதைவிட அதிகம்! ஃபெரான்டி விளைவு இதுதான். ஆக ரெகுலேஷன் 9.2 சதவீதம்.

இதைக் குறைக்கத் தடித்த கம்பி போட்டால் பெரிய பலன் இல்லை. மறிப்பு மின்தடையைப் போல் ஐந்து மடங்கு. பின்தங்கிய மின்னோட்டம் அதைக் கடக்கும்போதுதான் வோல்டேஜ் அதிகம் விழுகிறது. பெறும் முனையில் 48.4 மெகாவார் கெபாசிட்டர் வைத்து அந்த மின்னோட்டத்தை அங்கேயே ஈடுகட்டினால், அனுப்ப வேண்டியது 224 கிலோவோல்ட்; சுமையோடு கெபாசிட்டரையும் கழற்றினால் ரெகுலேஷன் 3.3 சதவீதம்.

ஆனால் பம்புசெட் நின்ற பிறகும் அந்தக் கெபாசிட்டரைக் கழற்றாமல் விட்டால், இரவில் வோல்டேஜ் இன்னும் ஏறும். 230 கிலோவோல்ட் கருவிகளின் உச்ச வரம்பு 245. துணைமின் நிலையத்தில் நடுநிசியில் மீட்டர் அந்தப் பக்கம் நகர்ந்தால், முதலில் பார்க்க வேண்டியது கெபாசிட்டர் ஸ்விட்சைத்தான்.