அடுப்படிச் சுவரும் அட்வான்ஸ் பணமும்

வீடு காலி செய்யும்போது ஹவுஸ் ஓனரோடு வருகிற மனத்தாங்கல் பெரும்பாலும் சமையலறைச் சுவரில்தான் தொடங்கும். "பெயின்ட் அடிக்கணும், அட்வான்ஸில் பிடிச்சுக்கிறேன்" என்பார். சாவி கொடுப்பதற்கு முன்பே குடியிருப்பவர் இப்படி ஒரு செய்தி அனுப்பினால் பேச்சு வேறு விதமாகப் போகும்:

"வணக்கம் சார். கிச்சன் சுவரைச் சுத்தம் பண்ணிட்டோம். அடுப்புக்கு மேலே இருந்த எண்ணெய்ப் பிசுக்கு, பாத்திரம் தேய்க்கிற லிக்விடை வெதுவெதுப்பான தண்ணியில் கலந்து துடைச்சதில் போயிடுச்சு. மிக்ஸி வைக்கிற மூலையில் மஞ்சள் கறை லேசா இருக்கு. அழுத்தித் தேய்ச்சா பெயின்ட் வந்துடும்னு விட்டுட்டேன். ஜன்னல் பக்கம் டிஸ்டம்பர், அதை உலர்ந்த துணியால் மட்டும் துடைச்சேன். முன்னே, பின்னே எடுத்த போட்டோ அனுப்பியிருக்கேன். நேரில் வந்து பாருங்க சார்."

போகாத கறையையும் சொல்லியிருப்பதுதான் இதன் பலம். 'எல்லாம் பளிச்னு ஆயிடுச்சு' என்று எழுதியிருந்தால், ஓனரின் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகும்.

தாளிக்கும்போது கிளம்பும் எண்ணெய் ஆவி சுவரில் படிந்து, காற்றும் சூடும் பட்டு நாளடைவில் பிசின்போல இறுகிவிடும். வெறும் தண்ணீருக்கு அது அசையாது. சோப்பு நீரில் ஸ்பாஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கீழிருந்து மேலாகத் துடைக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் உலர்ந்த சுவரில் கோடுகோடாக வழியும்; அந்தக் கோடு எளிதில் போகாது. பிறகு நல்ல தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும். சோப்பு தங்கினால் மறுபடியும் தூசி ஒட்டும்.

மஞ்சள் கறையில் சோடா உப்போ சோப்போ பட்டதும் சிவந்துவிடும். பலர் இதில் பயந்துபோய் இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். குர்குமின் காரத்தில் சிவப்பாகும், அவ்வளவுதான். நல்ல தண்ணீரில் காரம் போனதும் மஞ்சளுக்குத் திரும்பும். வெயில் படுகிற சுவரானால் நாளாக ஆகத் தானே மங்கும்.

எமல்ஷனா டிஸ்டம்பரா என்று தெரியாவிட்டால் பிரிட்ஜுக்குப் பின்னால் ஓர் ஓரத்தில் ஈரத் துணியால் தடவிப் பாருங்கள். துணியில் சுவரின் நிறமே வந்தால் அது பெரும்பாலும் டிஸ்டம்பர். அங்கே ஈரம் வேண்டாம். போட்டோவைப் பகல் வெளிச்சத்தில், ஒரே இடத்தில் நின்று எடுங்கள். பிளாஷ் போட்டால் பிசுக்கும் பளபளக்கும், சுவரும் பளபளக்கும், வித்தியாசம் தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் ஓனர் பெயின்ட் அடிக்கலாம், அது அவர் விருப்பம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதை வீட்டுக்காரரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குடியிருப்பவரால் வந்த சேதம் வேறு கணக்கு. பிசுக்கின் மேல் பெயின்ட் சரியாக ஒட்டாது என்பதால், பெயின்டரும் முதலில் இதே சோப்புத் தண்ணீரைத்தான் எடுக்க வேண்டியிருந்திருக்கும்.